ஆச்சியின் பழைய போட்டோவை கிராஸ் ஸ்டிச்சில் தைக்க: எத்தனை கட்டம், எத்தனை நூல்?

வேப்பங்காற்று

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி போன வருஷம் தவறிவிட்டார்கள். அவர்களுடைய ஸ்டுடியோ போட்டோ ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை, அஞ்சலட்டை அளவு. நெற்றியில் பெரிய பொட்டு, மூக்குத்தி, முகத்தில் பாதி வெளிச்சம் பாதி நிழல். அதை கிராஸ் ஸ்டிச்சில் தைத்து, முதல் வருஷத் திதிக்கு வீட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்று ஆசை. ஏழு மாதம் இருக்கிறது.

பூவும் கிளியும் தைத்த பழக்கம் உண்டு. முகம் இதுதான் முதல் தடவை. போட்டோவை இலவசமாக டிசைன் போட்டுத் தரும் ஒரு தளத்தில் ஏற்றினேன். 80க்கு 100 கட்டம், 48 நிறம் என்று வந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து வலது கண்ணும் கன்னமும் முடித்தேன். கன்னத்தில் சாம்பல், பச்சை, கத்தரிப்பூ நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. கண் ஒரு பழுப்புக் கறை. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டாள். அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்தவள்தான்.

தெரிந்துகொள்ள வேண்டியது: தையல் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? 18 கவுன்ட் துணி வாங்கினால் சரியாகுமா? நிறத்தைக் கூட்டவா, குறைக்கவா? நூல் மேலே புடைத்துக்கொண்டு சொரசொரவென்று இருப்பது எதனால்?

நூல்கண்டு

18 கவுன்ட்தான் சரி. அங்குலத்துக்கு 18 தையல் விழும், 14ஐ விட நுணுக்கமாக வரும். முகத்துக்கு 48 நிறம் போதாது, குறைந்தது 60 வைத்தால்தான் நிழல் இழைந்து வரும். முகத்துக்கு டிஎம்சியில் 951, 945 என்று தோல் நிறங்கள் இருக்கின்றன, அவற்றில் தொடங்குங்கள். நான் குழந்தை படம் அப்படித்தான் தைத்தேன், நன்றாக வந்தது.

கட்டத்தாள்

வேப்பங்காற்று, உங்கள் கண் கறையாகப் போனதற்குத் துணி காரணமில்லை. 80 கட்ட அகலத்தில் ஆச்சியின் முகம் மட்டும் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். தோள் வரை இருக்கிற படம் என்றால் 35 சுமாருக்கு இருக்கும். ஒரு கண்ணின் அகலம் முகத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் கண்ணுக்கு ஏழு தையல். ஏழில் இரண்டு பக்க வெள்ளை, நடுவில் கருவிழி, அதற்குள் ஒரு ஒளிப்புள்ளி, இவ்வளவையும் யாராலும் வைக்க முடியாது.

இதே 80 கட்டத்தை 18 கவுன்ட்டில் தைத்தாலும் கண்ணுக்கு ஏழு தையல்தான். படம் சின்னதாகும், விவரம் கூடாது. நூல்கண்டு சொன்னதில் பாதி சரி: ஒரே அளவு சட்டத்துக்குள் தைப்பதானால் 18 கவுன்ட்டில் தையல் எண்ணிக்கை கூடும், அதனால் விவரமும் கூடும். துணியை மட்டும் மாற்றிவிட்டு டிசைனை அப்படியே வைத்தால் ஒன்றும் நடக்காது.

நான் கணக்கைக் கண்ணிலிருந்துதான் தொடங்குவேன். கண்ணுக்கு 14 தையல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் முகம் 70 தையல். போட்டோவில் தோளை வெட்டிவிடுங்கள், கழுத்துக்குக் கீழே நாலு விரல் வரை போதும். அப்போது முழுப் படமும் 120க்கு 150 கட்டத்தில் அடங்கும். 14 கவுன்ட்டில் அது சுமார் 22க்கு 27 சென்டிமீட்டர், 18இல் 17க்கு 21. மொத்தம் 18,000 தையல். மணிக்கு நூறு தையல் போட்டால் 180 மணி நேரம். ஏழு மாதத்தில் தினம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்தால் முடியும்.

951, 945 இரண்டும் பீச் சாயல் உள்ள வெளிர் நிறங்கள். ஆச்சி மாநிறமோ கறுப்போ என்றால் அவை வேண்டாம். நிறத்தைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன்.

பாபின்கேஸ்

மேடம், போட்டோவை ஜேபெக்காக அனுப்பினால் டிஜிட்டைஸ் பண்ணிக் கொடுத்துவிடலாம். எங்கள் மெஷினில் நாலு மணி நேரத்தில் முடியும். சேலையிலா ஃபிரேமிலா என்று சொல்லுங்கள். சேலையென்றால் அடியில் கனமான பேக்கிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

வேப்பங்காற்று

நன்றி அண்ணா, கையால்தான் தைக்கப் போகிறேன். எனக்கு இந்தத் தையலையே சொல்லிக்கொடுத்தது ஆச்சிதான்.

கட்டத்தாள் அக்கா, எண்ணிப் பார்த்தேன். முகம் 34 கட்டம். கண் ஏழுகூட இல்லை, ஆறு. ஆச்சி நல்ல கறுப்பு. பிரித்துவிட்டேன், முதலிலிருந்து போடுகிறேன். வீட்டில் மேட்டித் துணி இரண்டு மீட்டர் கிடக்கிறது, அது ஆகுமா?

மாடித்தோட்டம்

மேட்டி பற்றி என் அனுபவம் சொல்கிறேன். பாரதியார் படம் தைத்தேன். பாதி வந்தபோது முகம் குதிரை முகம் மாதிரி நீண்டிருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் குறுக்கே 10 சென்டிமீட்டருக்கு 44 கட்டம், நெடுக்கே 41. பூவுக்கு அது தெரியாது, மனுஷ முகத்தில் உடனே தெரிகிறது. நீங்கள் தொடங்கும் முன் இரண்டு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் குறித்து எண்ணிப் பாருங்கள். ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகு எண்ணுவது நல்லது, அதற்குள் சுருங்க வேண்டியது சுருங்கிவிடும்.

இன்னொன்று. டிசைன் தாளில் 310 என்று போட்டிருந்தது. கடைக்குப் போய் 310 கேட்டேன், கொடுத்தார்கள். மீசை முழுக்க முடித்த பிறகு வெயிலில் பார்க்கிறேன், பழுப்பு மீசை! தாள் டிஎம்சி எண், நான் வாங்கியது ஆங்கர் நூல். டிஎம்சியில் 310 கறுப்பு. ஆங்கரில் கறுப்பு 403, அங்கே 310 என்பது டிஎம்சி 434க்கு நெருங்கிய பழுப்பு. டியூப் லைட்டில் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. எண்ணைக் கேட்கும்போது கம்பெனி பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கட்டத்தாள்

மேட்டி எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். வராவிட்டால் அய்டா துணியே வாங்கிவிடுங்கள்.

இப்போது நிறம். உங்கள் கன்னத்தில் பச்சையும் கத்தரிப்பூவும் வந்தது ஏன் என்றால், பழைய போட்டோவில் ஏறிய மஞ்சளையும் ஸ்கேனர் சேர்த்த நீலத்தையும் கணினி நிஜ நிறமென்று நினைத்துக்கொள்கிறது. 48 நிறம் எடுத்துக்கொள் என்று விட்டால் அந்த அழுக்குக்கெல்லாம் தனித்தனி நூல் எடுத்துக் கொடுக்கும். முகத்தை நாம் அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் வெளிச்சமும் இருட்டும் எங்கே மாறுகின்றன என்பதை வைத்துத்தான். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் ஆச்சியை உங்களுக்குத் தெரிகிறதே, அங்கே நிறம் ஏது?

அதனால் ஒரே பழுப்புக் குடும்பத்தில் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை ஒரு ஏணி போட்டுக்கொள்ளுங்கள். ஆச்சிக்கு நான் எடுப்பது டிஎம்சி 3371, 938, 801, 433, 434, 435, 437. முகம் இந்த ஏழில் முடிந்துவிடும். 3371 ஏறக்குறைய கறுப்பு, முடிக்கும் இமைக்கும். 437 மூக்கு நுனி, நெற்றி மேடு, வெளிச்சப் பக்கத்துக் கன்ன எலும்பு, அவ்வளவுதான். சேலைக்கு 739. கண்ணின் ஒளிப்புள்ளிக்கும் மூக்குத்திக்கும் வெள்ளை B5200. பொட்டுக்கு 498. மொத்தம் பத்து.

கடையில் நூல்களை இதே வரிசையில் வைத்து போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நூல்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை விட்டுவிடலாம். இந்தக் குடும்பத்தில் 898 என்று ஒன்றும் இருக்கிறது. கையில் வைத்தால் அழகான நிறம், ஆனால் 938க்கும் 801க்கும் நடுவில் நெருக்கமாக உட்காரும், படத்தில் ஒன்றும் சேர்க்காது. அதனால்தான் எடுக்கவில்லை.

எங்காவது இரண்டு படிக்கு நடுவில் ஒன்று வேண்டுமென்று தோன்றினால் புது நூல் வாங்க வேண்டாம். 434இல் ஒரு இழை, 435இல் ஒரு இழை சேர்த்து ஒரே ஊசியில் கோத்துத் தையுங்கள். தாடை ஓரம் உருண்டு திரும்பும் இடத்தில் அது நன்றாக எடுபடும்.

நூல்கண்டு

பத்து நிறத்தில் முகம் படி படியாக வெட்டின மாதிரி இருக்காதா? நான் 60 நிறத்தில் தைத்தது போட்டோ போலவே இருந்தது. அப்புறம் சேலையாவது நிஜ நிறத்தில் இருந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்களே.

கட்டத்தாள்

கிட்டத்தில் படி தெரியும், உண்மைதான். ஹாலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் பெரும்பாலும் இழைந்துவிடும். உங்களுடையது எத்தனை கட்டம் என்று தெரியவில்லை. 250, 300 கட்ட அகலம் இருந்தால் 60 நிறம் வைக்க இடம் இருக்கும். 120 கட்டத்தில் 60 நிறம் வைத்தால் ஒற்றைத் தையல்களாகச் சிதறிவிடும். ஒவ்வொரு ஒற்றைத் தையலுக்கும் பின்னால் இரண்டு முனை சொருக வேண்டும். வேப்பங்காற்று முதலில் சொன்ன சொரசொரப்பும் புடைப்பும் அதிலிருந்து வந்ததுதான்: பின்னால் முடிச்சும் முனையும் சேர்ந்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டன.

சேலை நிறம் உங்கள் விருப்பம். எனக்கென்னவோ பழுப்பு முகத்துக்குக் கீழே பளிச்சென்று ஒரு பச்சைச் சேலை வந்தால் கண் அங்கேயே போய்விடும் என்று படுகிறது.

நூல்கண்டு

என்னுடையது 220 கட்டம். அப்படியானால் நீங்கள் சொல்வது பொருந்தும். சேலை விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மங்கின அரக்கு வைத்துப் பாருங்கள் தங்கச்சி, பொட்டோடு சேர்ந்து நிற்கும்.

கோடுபோட்டநோட்டு

எனக்குத் தையல் தெரியாது, வீட்டம்மாவுக்கு இந்த வேலையைச் செய்துகொடுப்பேன். தளம் எதுவும் வேண்டாம். போட்டோவை 4க்கு 5 விகிதத்தில் வெட்டிவிட்டு, ImageMagick இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
magick aachi.jpg -colorspace Gray -resize '120x150!' +dither -colors 8 -scale 1000% aachi8.png
```

முதலில் நிறத்தை எடுத்துவிடுகிறது, பிறகு 120க்கு 150 ஆகச் சுருக்கி எட்டுச் சாம்பலாக்குகிறது. முக்கியமானது `+dither`. அது இல்லாவிட்டால் இரண்டு சாம்பலுக்கு நடுவில் இருப்பதைக் காட்டப் புள்ளி புள்ளியாகத் தெளித்துவிடும், மேலே அக்கா சொன்ன ஒற்றைத் தையல் பிரச்சினை அங்கிருந்தும் வரும். கடைசியில் பத்து மடங்கு பெரிதாக்குவது கட்டம் கண்ணுக்குத் தெரிவதற்காக. எட்டுச் சாம்பலுக்கும் எட்டு நூல் எண்ணை இருட்டிலிருந்து வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: முகத்தின் ஏழு, எட்டாவது 739. வெள்ளையும் பொட்டுச் சிவப்பும் கையால் வைத்துக்கொள்ளலாம்.

கட்டத்தாள்

அருமை. ஆனால் கண்ணை மட்டும் கணினியிடம் விடாதீர்கள். கட்டத்தாளில் கையால் வரையுங்கள். நான் செய்வது இப்படி: மேல் இமை முழுக்க 3371, கீழ் இமை 801இல், அதுவும் முழுக்கோடாக வேண்டாம். கருவிழி ஐந்து தையல் அகலம், அதன் மேல் ஓரம் இமைக்குள் மறைந்திருக்க வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் பயந்த கண் ஆகிவிடும். விழியின் வெள்ளைக்கு வெள்ளை நூல் வைக்காதீர்கள். இமையின் நிழல் விழுவதால் அது 437தான், நிழல் பக்கத்துக் கண்ணில் 435. B5200 ஒரு கண்ணுக்கு ஒரே ஒரு தையல், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம்.

பொட்டுக்கும் கணக்கு இருக்கிறது. முகம் 14 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால், 70 தையலில் ஒரு தையல் 2 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் பொட்டு ஐந்து தையல். ஐந்துக்கு ஐந்து போட்டு நாலு மூலையையும் எடுத்துவிட்டால் வட்டமாக நிற்கும். மூன்றுக்கு மூன்று போட்டால் சதுரம், மூலையை எடுத்தால் கூட்டல் குறி.

தைக்கும்போது ஆறு இழையில் இரண்டு இழையை ஒன்றாக உருவாதீர்கள். ஒவ்வொன்றாக உருவி, நீவி, பிறகு சேருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். அதற்கு மேல் போனால் துணிக்குள் போய்ப் போய் நூலின் பளபளப்பு தேய்ந்து பஞ்சு கிளம்பும். ஒவ்வொரு பத்துத் தையலுக்கும் ஊசியைத் தொங்கவிட்டு முறுக்கு அவிழ விடுங்கள். முறுக்கு ஏறின நூல் கயிறு மாதிரி மெலிந்து, இருட்டுப் பகுதியில் வெள்ளைத் துணி உப்புத் தூவினது போல எட்டிப் பார்க்கும்.

மாடித்தோட்டம்

அந்த உப்புக்கு நான் முடிப் பகுதியில் மட்டும் மூன்று இழை போட்டேன்.

கட்டத்தாள்

போடலாம், ஆனால் முடி மட்டும் புடைத்து நிற்கும். நான் 16 கவுன்ட்டில் இரண்டு இழை போடுவேன், துணி நன்றாக மூடும். படம் 19க்கு 24 சென்டிமீட்டர் வரும்.

வேப்பங்காற்று

ஆறு வாரம் கழித்து வருகிறேன். மேட்டி குறுக்கே 43, நெடுக்கே 40 வந்தது, விட்டுவிட்டேன். 16 கவுன்ட் அய்டா வாங்கினேன். நெற்றி, பொட்டு, இரண்டு கண், மூக்கு முடிந்தது. கண்ணை முதலில் தைத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு சிக்கல். வெளிச்சப் பக்கத்துக் கன்னத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் கறுத்துத் தெரிகிறது. தாளைப் பார்த்தேன், அங்கே முழுக்க 434தான். நூலும் அதே கண்டுதான். சாயந்திரம் ஜன்னல் பக்கம் வைத்தால் கறுப்பு, காலையில் வாசலில் வைத்தால் அவ்வளவு தெரியவில்லை. நூல் மங்கிவிட்டதா?

நூல்கண்டு

வேறு சாயத் தொகுதியாக இருக்கும். கண்டு மாறியிருக்கும்.

கட்டத்தாள்

சாயம் மாறியிருந்தால் காலையிலும் சாயந்திரமும் ஒன்றாகத்தான் தெரியும். இருட்டறையில் துணியைத் தரையில் வைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். கறுத்த இடம் ஒரு கோணத்தில் வெளுத்து, சுற்றியுள்ள இடம் கறுத்தால் அது நிறமே இல்லை. மேல் தையல் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தைத் தைக்கும்போது ஃபிரேமைத் திருப்பி வைத்துக்கொண்டீர்களா?

வேப்பங்காற்று

திருப்பினேன்! அன்றைக்குக் கை எட்டவில்லை என்று பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு நாற்பது தையல் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே மாறி மாறித் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் மேல் இழை இடது மேலிருந்து வலது கீழே வருகிறது, அங்கே மட்டும் எதிர்ப்பக்கம்.

கட்டத்தாள்

அதுதான். பருத்தி நூலுக்கு மெர்சரைஸ் பண்ணின பளபளப்பு இருப்பதால் இழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப வெளிச்சத்தைத் திருப்பும். பூவில் இது கண்ணில் படாது. கன்னத்தில் தழும்பு மாதிரி நிற்கும். நாற்பதையும் பிரித்துவிடுங்கள், அந்த நூலைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். ஃபிரேமின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள், அது எப்போதும் மேலே இருக்கட்டும்.

மாடித்தோட்டம்

சிலர் வேண்டுமென்றே முடியில் மட்டும் எதிர்ப்பக்கம் தைப்பார்கள், முடி தனியாகப் பளபளக்கும். நான் செய்து பார்த்ததில்லை.

வேப்பங்காற்று

பிரித்துத் தைத்துவிட்டேன், தழும்பு போய்விட்டது. முடியில் ஒன்றும் செய்யப் போவதில்லை.

பின்னணியை வெறும் துணியாக விடலாமா? விட்டால் ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு தையல் மிச்சமாகும். ஆனால் நிழல் பக்கத்துக் கன்னம் வெள்ளைத் துணியில் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்குமோ என்று பயம்.

நூல்கண்டு

முழுக்கத் தையுங்கள் தங்கச்சி. 801இல்.

கட்டத்தாள்

நிழல் பக்கம் மட்டும் 433இல் தைத்து, வெளிச்சப் பக்கம் துணியாகவே விட்டுப் பாருங்கள். ஓரத்தில் தையலை ஒன்று விட்டு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் கோடு தெரியாது.

வேப்பங்காற்று

இரண்டையும் தாளில் பென்சிலால் தீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இன்றைக்கு மூக்குத்தி. போட்டோவில் அது எட்டுக்கல் பேசரி, 2 மில்லிமீட்டர் கணக்கில் நாலு தையல் வருகிறது. நடுவில் B5200, சுற்றிலும் 739.

மாடித்தோட்டம்

நடுத் தையலுக்குப் பதில் ஒரு சின்னக் கண்ணாடி மணி வைத்துப் பாருங்கள். பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் மின்னும்.

வேப்பங்காற்று

நாலு தையல் அகலத்தில் நடு என்று ஒரு கட்டம் இல்லையே அக்கா. ஐந்தாக்கினால் ஆச்சி மூக்குக்குப் பெரிது. மூன்றாக்கி நடுவில் மணி வைக்கிறேன்.